கையிருப்புத் தாள்

பேளுக்குறிச்சியின் சனிக்கிழமைச் சந்தைக்குக் கோடையில் வெளியூர்க் குடும்பங்கள் வந்து இறங்குவதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். ஓராண்டுக்கு வேண்டிய மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு, சீரகம், கடுகு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். கொல்லிமலையின் மிளகும் சமவெளியின் மல்லியும் ஒரே இடத்தில் கிடைக்கும் அடிவாரச் சந்தை இது. அத்தகைய ஒரு சனிக்கிழமையன்று, என்னிடம் வணிகவியல் பட்டப்படிப்பில் பொருளியல் பாடம் பயின்ற மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயது முப்பத்தெட்டு. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர். வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவர் கையில் கோழிப்பண்ணைக்கான திட்ட அறிக்கை ஒன்று இருந்தது. 'சார், பத்து லட்ச ரூபாய் கடன் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?' என்று கேட்டார்.

அறிக்கையைப் படித்தேன். குஞ்சின் விலை, தீவனச் செலவு, முட்டையின் வரவு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் அந்த அறிக்கையில் அவர் இல்லை. அவருடைய பெயரை அழித்துவிட்டு வேறு யாருடைய பெயரை எழுதினாலும் அது அப்படியே பொருந்தும். அவர் ஒரு நாளும் கோழி வளர்த்ததில்லை. அவருடைய ஆழ்துளைக் கிணற்றில் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வராது. முட்டை விலை நாள்தோறும் அறிவிக்கப்படும் ஒரு மாவட்டத்தில், லட்சக்கணக்கான கோழிகளை வைத்திருப்பவருக்கும் புதிதாக வருபவருக்கும் விலை ஒன்றுதான். செலவு மட்டும் ஒன்றாக இராது.

கடன் பற்றி நான் கருத்து ஏதும் சொல்லவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போடச் சொன்னேன். தமக்கு என்ன செய்யத் தெரியும், யாரைத் தெரியும், தம் கையில் என்ன இருக்கிறது என்று எழுதி அடுத்த சனிக்கிழமை கொண்டு வரும்படி கேட்டுக்கொண்டேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் கற்பனையான ஒரு பொருளைக் கொடுத்து, அதைக்கொண்டு எப்படித் தொழில் தொடங்குவீர்கள் என்று கேட்டு, அவர்கள் வாய்விட்டுச் சிந்திப்பதைப் பதிவு செய்தார். நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர். 2001-இல் வெளியான சரஸ்வதியின் கட்டுரை சொல்லும் செய்தி எளிமையானது. வணிகப் பாடநூல் முதலில் இலக்கை வகுத்துக்கொண்டு பிறகு அதற்கான வளங்களைத் தேடச் சொல்கிறது. தேர்ந்த தொழில்முனைவோரோ பெரும்பாலும், தாம் யார், தமக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்ற கையிருப்பிலிருந்து தொடங்கி, அதைக்கொண்டு எதெல்லாம் இயலும் என்று பார்க்கிறார்கள். சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கும், அடுக்களையில் இருப்பதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவு செய்கிறவருக்கும் உள்ள வேறுபாடு இது. நம் வீட்டுப் பெண்கள் இரண்டாவது வகையினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அவர் கொண்டு வந்த தாள் ஏமாற்றம் அளித்தது. முதல் பத்தியில் 'பி.காம்., கணினி அறிவு, கடின உழைப்பு, நேர்மை' என்று எழுதியிருந்தார். இரண்டாம் பத்தியில் ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், ஒரு வங்கி மேலாளர், நெருங்கிய உறவினர் நால்வர். மூன்றாம் பத்தியில் ஓர் ஏக்கர் நிலம், வீடு, இருசக்கர வாகனம். வேலைக்கு விண்ணப்பம் எழுதிப் பழகிய கை, தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதும். கடின உழைப்பையும் நேர்மையையும் கொண்டு எந்தப் பொருளையும் விற்க முடியாது. அவை இல்லாமலும் விற்க முடியாது என்பது வேறு செய்தி.

அங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. முதல் பத்தியில் பெயரடைகளுக்கு இடமில்லை, வினைச்சொற்களை மட்டுமே எழுத வேண்டும் என்றேன். ஒவ்வொரு வரியும், நான் இன்னதைச் செய்வேன், அதைப் பார்த்தவர் இன்னார் என்று இருக்க வேண்டும். அப்படியும் அவருக்கு வரவில்லை. தமக்கு எளிதாக வருவதை யாரும் திறமை என்று கருதுவதில்லை. மூச்சு விடுவதை யார் எழுதி வைக்கிறார்கள்? ஆகவே கேள்வியை மாற்றினேன். 'கடந்த ஒரு மாதத்தில் உன்னை யார் யார் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன கேட்டார்கள்?' அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியும், எட்டுப் பேர் சரக்கு அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தார்கள். பெங்களூருக்கு எந்த நாளில் வண்டி போகும், நான்கு மூட்டைக்கு என்ன வாடகை கேட்பார்கள், சேலத்தில் எந்தக் கிடங்கில் இறக்கினால் மூட்டை நனையாது என்பன போன்ற கேள்விகள். எல்லாவற்றுக்கும் அவர் நின்ற இடத்திலேயே விடை சொல்லியிருக்கிறார். அது ஓர் அறிவு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பொருளியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஹாயெக் நினைவுக்கு வருவார். சமூகத்தில் அறிவு எவ்வாறு பயன்படுகிறது என்பது குறித்து 1945-இல் எழுதிய கட்டுரையில், அறிவியல் அறிவைப் போலவே, குறிப்பிட்ட காலத்தையும் இடத்தையும் பற்றிய அறிவுக்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்று அவர் வாதிட்டார். காலியாகவோ பாதி நிரம்பியோ செல்லும் கப்பல்களின் பயணத்தைப் பயன்படுத்திப் பிழைக்கும் சரக்கு வணிகரை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். நாமக்கல்லில் இதற்குப் பெயர் 'ரிட்டன் லோடு'. முப்பது ஆண்டுகள் அந்தக் கட்டுரையை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதன் உயிருள்ள எடுத்துக்காட்டு கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்ததை நானும் கவனிக்கவில்லை.

இரண்டாம் பத்தியில் வேறு வகைத் தவறு இருந்தது. யாரைத் தெரியும் என்று கேட்டால், யாரைத் தெரிந்திருப்பது பெருமையோ அவர்களையே எழுதுகிறோம். முன்னாள் சட்டமன்ற உறுப்பினரிடம் அவர் கடைசியாகப் பேசியது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திருமண வீட்டில். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாகப் பேசிய மாதத்தைக் குறிக்கச் சொன்னேன். பிறகு மூன்று கேள்விகள். கூப்பிட்டால் எடுப்பாரா? இன்னொருவரிடம் நம் பெயரைச் சொல்லி அனுப்பி வைப்பாரா? பொருளைப் பார்க்கும் முன்பே பணம் கொடுப்பாரா? மூன்றாம் கேள்விக்கு ஆம் என்று எழுதப்பட்ட பெயர்கள்தாம் தொழிலின் முதல். சட்டமன்ற உறுப்பினரின் பெயர் அவராகவே அடித்துவிட்டார். முதல் தாளில் இடம்பெறாத பதினான்கு லாரி ஓட்டுநர்களும், சென்னையிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் பழைய வகுப்புத் தோழர்கள் ஆறு பேரும் உள்ளே வந்தார்கள்.

நெருங்கிய உறவினரைவிட இத்தகைய அரைகுறை அறிமுகங்கள் பயன்படுவதில் வியப்பில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இதை எழுதினார். அமெரிக்காவில் ஒரு நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்கினரே. மற்றவர்கள் எப்போதாவது சந்திக்கும் ஒருவரிடமிருந்து செய்தி பெற்றிருந்தார்கள். நம் பங்காளிக்குத் தெரிந்தது ஏறத்தாழ நமக்கும் தெரியும். ஓசூரில் இறங்கிச் சாப்பிடும் ஓட்டுநருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

இந்தப் பத்தியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பன்னிரண்டு ஆண்டு வேலையில் கிடைத்த தொடர்புகளில் சில அந்த நிறுவனத்துக்கு உரியவை. அதன் வாடிக்கையாளர் பட்டியலை இவர் தமதாக எழுதிக்கொள்ளக் கூடாது. அந்த ஒன்பது பெயர்களை நீக்கினோம். நீக்கிய பிறகும் போதுமான அளவு மிஞ்சியது.

மூன்றாம் பத்திக்காக அவர் வீட்டுக்கே போனேன். சொத்து என்றால் பத்திரம் உள்ளது என்று நினைக்கிறோம். அந்த ஓர் ஏக்கர் இன்னும் அவருடைய தந்தை பெயரில், தங்கைக்கும் பங்கு உள்ளதாக இருக்கிறது. அடமானத்துக்கோ விற்பனைக்கோ அவர் விருப்பப்படி பயன்படாது. அதைக் கையிருப்பிலிருந்து எடுத்தோம். ஆனால் வீட்டின் பின்புறம், நிலக்கடலை விளைந்த காலத்தில் கட்டிய சிமென்ட் களம் ஒன்று, அரை சென்ட்டுக்கு மேல், வெயிலில் சும்மா கிடந்தது. ஓடு வேய்ந்த ஓர் அறை பூட்டிக் கிடந்தது. மின்னணுத் தராசு ஒன்று இருந்தது. அவருடைய தாயார் திண்ணையில் அமர்ந்து முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கி, விதை ஒலிக்கும் விதத்தைக் கொண்டே இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அவர். பிள்ளையின் தாளில் அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே தமக்கு வேலை ஏதும் இல்லை என்பதையும் அவர் எழுதவில்லை. நேரமும் ஒரு சொத்து. அதற்குப் பட்டா தேவையில்லை.

தாள் நிரம்பிய பிறகு செய்ய வேண்டியது, ஒரு பத்தியின் வரியை மற்ற பத்திகளின் வரிகளோடு கோடிட்டு இணைத்துப் பார்ப்பது. இதில் கூச்சம் கூடாது. அபத்தமான இணைப்பையும் எழுதிப் பார்க்க வேண்டும். அவர் பதினொரு இணைப்புகளை எழுதினார். அவற்றில் எட்டு அன்றே மடிந்தன. கணக்கு எழுதும் திறனையும் ஓட்டுநர்களையும் இணைத்தால், ஓட்டுநர்களுக்கு வரிக்கணக்கு எழுதித் தருவது வருகிறது. ஆனால் அதற்குப் பணம் கொடுப்பேன் என்று எவரும் சொல்லவில்லை. எஞ்சியவற்றில் ஒன்று மட்டும் மூன்று பத்திகளையும் தொட்டது. சந்தையில் ஆண்டுச் சாமான் வாங்கத் துடிக்கும், ஆனால் மாடிக் குடியிருப்பில் அதைக் காயவைக்க இடமில்லாத பழைய தோழர்கள். களமும் தாயாரின் கையும். லாரியில் நான்கு மூட்டையை நனையாமல் அனுப்பத் தெரிந்த இவர். முன்கூட்டியே சொல்லி வைப்பவர்களுக்குச் சனிக்கிழமை வாங்கி, காயவைத்து, காம்பு கிள்ளி, கல் பொறுக்கி, சலித்து அனுப்புவது. கோழிப்பண்ணையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண்ணம்தான். ஆனால் இதில் அவர் பெயரை அழித்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுத முடியாது.

இதன் பிறகும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. இதில் எவ்வளவு தொகையை இழந்தால் வீடு தாங்கும்? சரஸ்வதி ஆராய்ந்த தொழில்முனைவோர், எவ்வளவு இலாபம் வரும் என்று கணிப்பதைக் காட்டிலும், எவ்வளவு போனால் பரவாயில்லை என்று முடிவு செய்வதில் கருத்தாக இருந்தார்கள். அவரும் மனைவியும் கலந்து பேசிப் பதினைந்தாயிரம் ரூபாய் என்று எழுதினார்கள். கடன் என்ற சொல் அத்துடன் தாளிலிருந்து மறைந்தது.

முதல் சோதனைக்கு நான்கு குடும்பங்கள் முன்பணம் கொடுத்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருபத்தைந்து கிலோ: மிளகாயும் மல்லியும் எட்டெட்டு கிலோ, மஞ்சள் மூன்று, மிளகு, சீரகம், கடுகு இரண்டிரண்டு. அன்றைய சந்தை விலையில் கொள்முதல் 5,110 ரூபாய் ஆயிற்று. அதன் மீது நூற்றுக்குப் பதினைந்து வைத்து, 5,876 ரூபாய் என்று விலை சொல்லியிருந்தார். கையில் 766 ரூபாய் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு.

நின்றது 136 ரூபாய். எட்டுக் கிலோ மிளகாய் காய்ந்து காம்பு நீங்கியபோது ஏழு கிலோ இருநூறு கிராம் ஆகிவிட்டது. மல்லியிலும் தூசியும் குச்சியும் போக எடை குறைந்தது. சொன்ன எடையைக் கொடுக்க மேலும் வாங்க நேர்ந்ததில் 250 ரூபாய் போயிற்று. சாக்குக்கும் லாரி வாடகைக்கும் 180, சுத்தம் செய்ய வந்த பெண்ணின் கூலிக்கு 200. நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வார உழைப்பின் மிச்சம் 544 ரூபாய். தாயாரின் உழைப்புக்கு அதில் ஒரு காசும் வைக்கப்படவில்லை. வீட்டார் உழைப்பை இலவசம் என்று எழுதுவது இத்தகைய தாள்களில் வழக்கமாக நேரும் பிழை. அதனால் நட்டத்தில் ஓடும் தொழில் இலாபத்தில் ஓடுவதாகத் தோன்றும். வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கூலியோ அதை எழுதிவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

தவறு எங்கே என்று கண்டுபிடித்தவர் அவரே. லாரி அலுவலகத்தில் சரக்கின் விலையும் வாடகையும் ஒருபோதும் ஒரே கணக்கில் வராது. இங்கே இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டோம் என்றார். அடுத்த முறை சந்தை விலையைச் சீட்டோடு அப்படியே வாடிக்கையாளரிடம் காட்டினார். காய்வதற்கு முன் எடை, பின் எடை இரண்டையும் எழுதி, குறைவை வாடிக்கையாளரே ஏற்கும்படி செய்தார். தம் வேலைக்குக் கிலோவுக்கு நாற்பது ரூபாய் என்று தனியே கேட்டார். இருபத்தைந்து கிலோவுக்கு ஆயிரம் ரூபாய். சாக்கு, வாடகை, கூலி போக 620 நின்றது. ஒரு தோழர் விலகினார். மற்ற மூவரும் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு வேறு ஐவரை அனுப்பி வைத்தார்கள். 'கணக்கு மட்டும்தான் சார் தெரியும்' என்று தொடக்கத்தில் தாழ்வாகச் சொன்ன அந்தக் கணக்குதான் தொழிலைக் காப்பாற்றியது.

தனிமனிதரின் தாளுக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும் என்பதற்கு எங்கள் தலைக்கு மேலேயே சான்று இருக்கிறது. கொல்லிமலையில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த நிலங்களில், ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளி பரவியது. சிறுதானியம் குறைந்ததற்கு விலை மட்டும் காரணம் என்றே வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மலைவாழ் மக்களோடு சேர்ந்து பணியாற்றியபோது, விதை வகைகளும் அவற்றைப் பயிரிடும் அறிவும் சமைக்கும் அறிவும் பெண்களிடம் இன்னும் இருப்பது தெரிந்தது. இல்லாதது வேறொன்று. சாமையின் உமியை நீக்க உரலில் இடித்து இடித்துப் பெண்கள் களைத்துப் போயிருந்தார்கள். உமி நீக்கும் இயந்திரங்கள் கிராமங்களில் வைக்கப்பட்டு, சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தத் தொடங்கிய பிறகு, சாமை அரிசியும் தினை மாவும் பொட்டலங்களாக மலையிறங்கின. இருப்பதை முழுமையாக எழுதினால், இல்லாதது எவ்வளவு சிறியது என்று தெரிகிறது. கையிருப்புத் தாளில் நான்காவதாக ஒரு குறுகிய பத்தியை நான் இப்போது சேர்த்துக்கொள்வது இதனால்தான்.

ஆயினும் இத்தாளால் ஆகாதவையும் உண்டு. சந்தையில் தேவை எவ்வளவு என்று அது சொல்லாது. முன்பணம் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் மாணவரின் தொழில் வெயில் உள்ள மாதங்களில் மட்டுமே நடக்கும். ஐப்பசி மழையில் களத்தில் தவளைதான் காயும். அந்த மாதங்களில் அவர் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். தெரிந்தவர்களுக்குச் சாக்கில் கட்டி அனுப்பியது வரை சிக்கலில்லை என்று அவர் நினைத்திருந்தார். உணவுப் பொருளைத் தொழிலாக விற்கும் சிறு வணிகருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். பொட்டலமிட்டால் எடை, விலை, நாள், முகவரி அச்சிட வேண்டும். இவை அவருடைய தாளின் எந்தப் பத்தியிலும் இல்லை. பதிவைப் பிறகு வாங்கினார்.

சென்ற மாதம் புதிய தாளொன்றுடன் வந்தார். முதல் பத்தியின் முதல் வரியில் தாயாரின் பெயர் இருந்தது. அதற்கு எதிரே, நீரில் போட்டு மிதக்கும் பப்பாளி விதையைப் பிரித்து மிளகின் கலப்படம் கண்டுபிடிப்பார், பார்த்தவர்கள் சந்தையில் மூன்று வியாபாரிகள் என்று எழுதியிருந்தார். அந்த மூவரில் ஒருவர் தாம் வாங்கும் மிளகைப் பிரித்துப் பார்த்துத் தர முடியுமா, கிலோவுக்கு என்ன கேட்பீர்கள் என்று விசாரித்திருக்கிறாராம். என்ன கூலி சொல்வது என்று அம்மாவும் மகனும் இன்னும் முடிவு செய்யவில்லை.